பாஸ்பரஸ் சேர்த்தால் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி குறைகிறதா?

நெல்லை மாணவி · ஜூலை 4, இரவு 9.10

பிளஸ் டூ படிக்கிறேன். டியூஷனில் இப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்: தூய சிலிக்கானில் இணைதிறன் பட்டைக்கும் கடத்துப் பட்டைக்கும் நடுவே 1.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. 15ஆம் தொகுதித் தனிமத்தைச் சேர்த்தால் அந்த இடைவெளி குறைந்துவிடும், அதனால் கடத்தும். 13ஆம் தொகுதிக்கும் இதே கதைதான் என்றார்கள்.

எத்தனை பாஸ்பரஸ் அணு சேர்த்தால் இடைவெளி எவ்வளவு குறையும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதற்கு ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

ஓம் விதி · ஜூலை 4, இரவு 9.42

டியூஷனில் சொன்னது சரிதான். பட்டை நிரம்பியிருந்தால் காப்பான், பாதி நிரம்பியிருந்தால் கடத்தி, இடைவெளி சின்னதாக இருந்தால் குறைக்கடத்தி. மாசு சேர்க்கும்போது நடுவில் ஒரு புது மட்டம் வருகிறது. எலக்ட்ரான் தாண்ட வேண்டிய தூரம் அதனால் குறைகிறது. இதைத்தான் இடைவெளி குறைகிறது என்று சொல்கிறோம். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

நெல்லை மாணவி · ஜூலை 4, இரவு 9.55

அப்படியானால் மெக்னீசியம்? அதன் 3s நிரம்பித்தானே இருக்கிறது, எப்படிக் கடத்துகிறது?

உலைக்காரர் · ஜூலை 5, காலை 6.20

மெக்னீசியத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். தனி அணுவில் 3s நிரம்பியிருக்கிறது, உண்மை. திண்மத்தில் 3s பட்டையும் 3p பட்டையும் விரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. 3s-இன் உச்சியில் இருக்க வேண்டிய எலக்ட்ரான்கள் 3p-இன் அடிப்பகுதிக்கு வழிந்துவிடுவதால் இரண்டுமே முழுதாக நிரம்பாமல் நிற்கின்றன. ஓம் விதி சொன்ன ‘பாதி நிரம்பிய பட்டை’ சோடியத்துக்குப் பொருந்தும். மெக்னீசியத்துக்கு ‘ஏறிக்கொண்ட பட்டைகள்’ என்று சொன்னால்தான் சரி.

இப்போது பெரிய விஷயம். பாஸ்பரஸ் சேர்த்தால் சிலிக்கானின் இடைவெளி குறைவதில்லை. சாதாரண அளவில் சேர்த்தால் அது அதே 1.12 எலக்ட்ரான் வோல்ட்தான். சிலிக்கான் அணுக்களின் எலக்ட்ரான்கள் முன்பு எதைத் தாண்ட வேண்டியிருந்ததோ அதையேதான் இன்னும் தாண்ட வேண்டும். பாஸ்பரஸின் ஐந்தாவது எலக்ட்ரானுக்கு மட்டும் தனி இடம்: கடத்துப் பட்டையின் அடியிலிருந்து 0.045 எலக்ட்ரான் வோல்ட் கீழே. ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு அப்படி ஓர் எலக்ட்ரான், அவ்வளவுதான்.

இரண்டையும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? இடைவெளி உண்மையில் குறைந்தால் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் சேர்ந்தே பெருகும். ஜெர்மானியத்தில் நடப்பது அதுதான். அதன் இடைவெளி 0.66, இரண்டு வகை மின்னூட்டமும் சிலிக்கானைவிட அதிகம். பாஸ்பரஸ் சேர்த்த சிலிக்கானில் எலக்ட்ரான் பெருகுகிறது, துளை குறைகிறது. இடைவெளி மட்டும் குறைந்திருந்தால் துளை எண்ணிக்கை எப்படிக் குறைந்திருக்கும்?

உலைக்காரர் · ஜூலை 5, காலை 6.48

எண்ணிக்கையோடு பார்த்தால் தெளிவாகும். ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் 5 × 10²² அணுக்கள். தூய சிலிக்கானில் அறை வெப்பநிலையில் நடமாடும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 10¹⁰, துளைகளும் அதே அளவு. இதில் 10¹⁶ பாஸ்பரஸ் சேர்க்கிறோம் என்று வையுங்கள். அதாவது 50 லட்சம் சிலிக்கான் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ். எலக்ட்ரான் எண்ணிக்கை 10¹⁰-இலிருந்து 10¹⁶ ஆகிறது, பத்து லட்சம் மடங்கு. எலக்ட்ரான் எண்ணிக்கையையும் துளை எண்ணிக்கையையும் பெருக்கினால் 10²⁰ வர வேண்டும் என்பது மாறாது. எனவே துளை 10⁴-க்கு இறங்கிவிடும். மின்தடை எண் சுமார் 2 லட்சம் ஓம் சென்டிமீட்டரிலிருந்து அரை ஓம் சென்டிமீட்டருக்கு வந்துவிடும்.

நான் படிக வளர்ப்பு உலையில் வேலை பார்த்தவன். ஒரு கிலோ சிலிக்கானுக்கு இந்தக் கணக்குப்படி படிகத்துக்குள் போக வேண்டிய பாஸ்பரஸ் 0.22 மில்லிகிராம். அதை யாரும் தராசில் நிறுத்துப் போடுவதில்லை. ஏற்கெனவே அதிகமாக மாசூட்டிய சிலிக்கான் துண்டுகள் இருக்கும், அவற்றின் மின்தடையை அளந்து, தேவையான எடையை உருகலில் போடுவோம். எங்களுக்குத் தலைவலி எடையில் இல்லை, ஒரு சின்ன அழுக்கில் இருந்தது. மூசையில் முந்தைய ஓட்டத்தின் மிச்சம் ஒட்டியிருந்தால் போதும், மின்தடை எண் இலக்கைவிட்டு நகர்ந்துவிடும்.

ஓம் விதி · ஜூலை 5, காலை 8.05

துளை குறையும் என்பதைப் பார்த்தால் உங்கள் வாதம் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் kT 0.026 எலக்ட்ரான் வோல்ட். பாஸ்பரஸ் எலக்ட்ரானுக்கு வேண்டியது 0.045. வெப்பம் கொடுப்பது தேவையைவிடக் குறைவு. பிறகு எப்படி எல்லா பாஸ்பரஸும் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது என்று சொல்கிறீர்கள்? பாதிகூட வராதே.

உலைக்காரர் · ஜூலை 5, இரவு 10.15

நல்ல கேள்வி. பல புத்தகங்கள் ‘0.045 மிகச் சிறியது, ஆகவே வெப்பமே போதும்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகின்றன.

ஆற்றலை மட்டும் பார்த்தால் உங்கள் சந்தேகம் சரி. இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். எலக்ட்ரான் பாஸ்பரஸோடு இருக்க வேண்டுமானால் கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ இடங்கள்தான். கடத்துப் பட்டையில் அடியை ஒட்டிப் பயன்படும் இடங்கள் 2.8 × 10¹⁹, கிட்டத்தட்ட 3000 மடங்கு. ஆற்றலால் வரும் தடை வாய்ப்பை ஆறில் ஒரு பங்காகத்தான் குறைக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட குழந்தை தானாகவே அதே இடத்துக்குத் திரும்பி வருவது எவ்வளவு அரிதோ, வெளியே போன எலக்ட்ரான் மறுபடி ஒரு பாஸ்பரஸைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு அரிது. கணக்குப் போட்டால் 10¹⁶ அளவில் 99.6 சதவீத பாஸ்பரஸ் எலக்ட்ரானை விட்டுவிட்டிருக்கும்.

குளிர்வித்தால் கதை மாறும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் இதே துண்டில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே இருக்கும். மீதி பாஸ்பரஸிடமே திரும்பிவிடும்.

இதே கணக்கை இண்டியத்துக்குப் போட்டுப் பாருங்கள். 13ஆம் தொகுதிதான், ஆனால் அதன் மட்டம் இணைதிறன் பட்டைக்கு 0.16 எலக்ட்ரான் வோல்ட் மேலே. போரானுக்கு 0.045. அறை வெப்பநிலையிலேயே இண்டியத்தின் கணிசமான பகுதி துளை தராமல் சும்மா கிடக்கும். ஒரே தொகுதி என்பதற்காக ஒரே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நெல்லை மாணவி · ஜூலை 6, மாலை 5.30

சார், 0.045 எங்கிருந்து வருகிறது? பாஸ்பரஸின் அயனியாக்கும் ஆற்றல் 10 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் என்று அட்டவணையில் இருக்கிறதே.

அப்புறம் இன்னொன்று. நைட்ரஜனும் 15ஆம் தொகுதிதான். எல்லோரும் ஏன் பாஸ்பரஸ், ஆர்செனிக் என்று மட்டும் சொல்கிறார்கள்?

உலைக்காரர் · ஜூலை 6, இரவு 9.40

அட்டவணையில் இருப்பது வெற்றிடத்தில் தனியாக நிற்கும் பாஸ்பரஸுக்கு. படிகத்துக்குள் நான்கு எலக்ட்ரான்கள் பிணைப்புக்குப் போய்விட்டன. மீதி ஒன்று ஒற்றை நேர்மின்னூட்டத்தைச் சுற்றுகிறது. அதாவது ஒரு ஹைட்ரஜன் அணு, ஆனால் சிலிக்கானுக்குள் மூழ்கிய ஹைட்ரஜன். சிலிக்கானின் மின்காப்பு மாறிலி 11.7, அதனால் ஈர்ப்பு நலிகிறது. படிகத்துக்குள் எலக்ட்ரான் நடந்துகொள்ளும் நிறையும் வெளியில் உள்ளதில் 0.26 பங்குதான். ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் 13.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்:

13.6 × 0.26 ÷ 11.7² ≈ 0.026

அளந்தால் கிடைப்பது 0.045. பாஸ்பரஸ் அணுவை ஒட்டிய இடத்தில் இந்த எளிய கணக்கு தவறுகிறது. அங்கே நடுவில் சிலிக்கான் அணுக்களே இல்லை, ஈர்ப்பை யார் நலியச் செய்வது? அதனால்தான் ஆர்செனிக்குக்கு 0.054, ஆண்டிமனிக்கு 0.039 என்று ஒவ்வொன்றுக்கும் சிறிது மாறுகிறது.

இதே கணக்கில் சுற்றுப்பாதையின் ஆரம் 24 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. அந்தக் கோளத்துக்குள் ஏறத்தாழ 3000 சிலிக்கான் அணுக்கள் அடங்கும். ‘ஐந்தாவது எலக்ட்ரான் பாஸ்பரஸின் பக்கத்தில் சும்மா நிற்கிறது’ என்று புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்து வரைவார்களே, அது இந்த அளவை மறைத்துவிடுகிறது.

நைட்ரஜன் பற்றி: அது சிறிய அணு. சிலிக்கானின் இடத்தில் ஒழுங்காக உட்காருவதில்லை, இரண்டிரண்டாகச் சேர்ந்து இடுக்கில் ஒதுங்கிக்கொள்ள விரும்புகிறது. கரைவதும் மிகக் குறைவு. பாஸ்பரஸ் செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

நெல்லை மாணவி · ஜூலை 6, இரவு 10.02

வைரத்தில் கார்பனின் இடத்தில் நைட்ரஜன் பொருந்துமே? அப்போது வைரம் கடத்துமா? அதைக் காப்பான் என்று படித்தோம்.

உலைக்காரர் · ஜூலை 6, இரவு 10.50

பொருந்துகிறது. இருந்தும் கடத்தாது. வைரத்தின் இடைவெளி 5.5 எலக்ட்ரான் வோல்ட். அதில் நைட்ரஜனின் மட்டம் கடத்துப் பட்டைக்கு 1.7 கீழே கிடக்கிறது. 1.7-ஐ அறை வெப்பம் அசைக்க முடியாது. நீல ஒளியை விழுங்கி வைரத்துக்கு மஞ்சள் நிறம் தருவதோடு நைட்ரஜனின் வேலை முடிந்தது.

போரான் சேர்ந்த வைரம் வேறு. அதன் மட்டம் 0.37, ஆழம்தான், ஆனாலும் கொஞ்சம் துளை வருகிறது. அப்படிப்பட்ட வைரம் நீலமாக இருக்கும், மின்சாரமும் கடத்தும். கோல்கொண்டாப் பகுதியிலிருந்து போன ஹோப் வைரம் அந்த ரகம்தான். காப்பானையும் குறைக்கடத்தியையும் பிரிக்கும் கோடு இயற்கை போட்டதல்ல. இடைவெளி எவ்வளவு, மாசு மட்டம் எவ்வளவு ஆழம், என்ன வெப்பநிலை என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ரேடியோ பட்டறை · ஜூலை 8, மதியம் 1.15

படித்துக்கொண்டே வருகிறேன். சிலிக்கான் எலக்ட்ரான் மிகுந்த என்-டைப்பா, துளை மிகுந்த பி-டைப்பா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமாமே, சால்டரிங் அயர்ன் வைத்து. என்னிடம் உடைந்த சோலார் செல் துண்டு இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை முன்பக்கமும் இன்னொன்றைப் பின்பக்கமும் வைத்தேன். சூடாக்கும் முன்பே 0.4 வோல்ட் காட்டுகிறது. முனையை மாற்றினால் மைனஸ். துண்டு கெட்டுப்போயிருக்குமா?

உலைக்காரர் · ஜூலை 8, இரவு 9.05

கெடவில்லை. உங்கள் டியூப்லைட் வெளிச்சத்தை அது மின்சாரமாக்குகிறது. துண்டைத் துணியால் மூடிப் பாருங்கள், விழுந்துவிடும்.

சூடான முனைச் சோதனை இப்படி: ஒரே வகைச் சிலிக்கான் துண்டு, இரண்டு முனையும் ஒரே பக்கத்தில், இருட்டில். மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை அயர்னில் நன்றாகச் சூடாக்கித் துண்டில் வையுங்கள், கறுப்பு குளிர்ந்தபடி இருக்கட்டும். பிளஸ் காட்டினால் என்-டைப். சூடான இடத்து எலக்ட்ரான்கள் வேகம் எடுத்துக் குளிர்ந்த பக்கம் பரவுகின்றன, நகர முடியாத பாஸ்பரஸ் நேர்மின்னூட்டத்தோடு அங்கேயே நிற்கிறது. அதனால் சூடான முனை பிளஸ். பி-டைப்பில் துளைகள் ஓடிவிடும், மைனஸ் வரும்.

உங்கள் துண்டில் இதைச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். சாதாரண பி-டைப் செல்லின் முன்பக்கத்தில் பாஸ்பரஸ் ஊட்டிய படலம் இருக்கும், ஆழம் அரை மைக்ரானுக்கும் குறைவு. முன்பக்கம் வைத்தால் அந்தப் படலத்தைத்தான் அளப்பீர்கள், அடியில் இருக்கும் வேஃபர் என்ற சிலிக்கான் தகட்டை அல்ல. அதன்மேல் வேறு நீல நிற நைட்ரைடு பூச்சு, அது மின்காப்பு. வெறும் வேஃபர் துண்டு கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. மாசு மிகக் குறைந்த பி-டைப்பை ரொம்பச் சூடாக்கினால் வெப்பத்தாலேயே எலக்ட்ரானும் துளையும் சமமாகப் பிறக்கும். எலக்ட்ரான் துளையைவிட மூன்று மடங்கு வேகம், ஆகவே மீட்டர் என்-டைப் என்று சொல்லிவிடும்.

உலைக்காரர் · ஜூலை 8, இரவு 9.50

ரேடியோ பட்டறை கண்ட 0.4 வோல்ட்டை விட மனசில்லை. 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் பார்த்ததும் இதுதான். விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டு, விளக்கைக் காட்டினால் சுமார் அரை வோல்ட். யாரும் அதில் வேண்டுமென்று மாசு சேர்க்கவில்லை.

நடந்தது என்னவென்றால், உருகிய சிலிக்கான் மெல்லக் குளிர்ந்தபோது போரான் பெரும்பாலும் திண்மத்தோடே போய்விட்டது. பாஸ்பரஸுக்குத் திரவத்தில் இருக்கத்தான் பிடிக்கும். கடைசியில் உறைந்த பகுதியில் அது சேர்ந்துவிட்டது. முதலில் உறைந்த பகுதி பி, கடைசிப் பகுதி என், நடுவில் சந்தி. பாஸ்பரஸ் என்று அவர்கள் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது: என்-டைப் சிலிக்கானைக் கையாளும்போது பழைய கார்பைடு விளக்கின் வாடை வந்தது. அது பாஸ்பீனின் வாடை. அன்றைய ஆய்வுக் கருவிகள் காட்டாத அளவை மூக்கு காட்டியது.

கூரைச் சூரியன் · ஜூலை 10, காலை 7.30

எங்கள் வீட்டுப் பேனல் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, சொன்ன வாட் வரவில்லை. போரான்தான் காரணம், காலியம் பேனல் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். நீங்கள் பேசுவது அதைப் பற்றியா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

உலைக்காரர் · ஜூலை 10, இரவு 8.30

மாற்றித் தருவார்களா என்பது உங்கள் உத்தரவாதத் தாளைப் பொறுத்தது, நான் சொல்ல முடியாது. ஆனால் போரான் விஷயம் உண்மை.

உருகலில் இருந்து வளர்க்கும் படிகத்தில் மூசையிலிருந்து ஆக்சிஜன் கலந்துவிடும். வெளிச்சம் பட்டதும் போரானும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு குறைபாட்டை உண்டாக்குகின்றன, எலக்ட்ரான்கள் அதில் விழுந்து வீணாகின்றன. 1970-களிலேயே இதைக் கண்டார்கள். இழப்பு பெரும்பாலும் முதல் சில நாட்கள் வெயிலிலேயே முடிந்துவிடும். ஒரு வருடமாகத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வருகிறதென்றால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். முதலில் தூசியையும் நிழலையும் பாருங்கள். சூடும் ஒரு காரணம், தாளில் இருக்கும் வாட், செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது வருவது. நம் ஊர் மதியத்தில் செல் அதைவிட எவ்வளவோ சூடு.

போரானுக்குப் பதில் காலியம் போட்டால் இந்தக் குறைபாடு வருவதில்லை. அதுவும் 13ஆம் தொகுதி, மட்டம் 0.072. பிறகு ஏன் இத்தனை காலம் போடவில்லை? காப்புரிமை ஒரு காரணம். இன்னொன்று உலைக்குத் தெரியும். உருகலில் 100 பங்கு போரான் இருந்தால் உறையும் திண்மத்தில் 80 பங்கு சேரும். காலியம் என்றால் ஒரு பங்குகூடச் சேராது, 0.8 பங்குதான். மீதியெல்லாம் திரவத்திலேயே தங்கித் தங்கி அடர்த்தி ஏறும். உருகலில் பத்தில் ஒன்பது பங்கு உறைந்த நிலையில் படிகத்தின் தலைக்கும் வாலுக்கும் மாசு வித்தியாசம் போரானுக்கு 1.6 மடங்கு, பாஸ்பரஸுக்கு 4.5 மடங்கு, காலியத்துக்குப் பத்து மடங்குக்கு அருகில். ஒரே கட்டியில் வெட்டிய வேஃபர்களின் மின்தடை எண் பத்து மடங்கு வேறுபட்டால் ஒரே செல் வரிசையில் அவற்றை எப்படி ஓட்டுவது? மின்தடை எண் மாற்றங்களைத் தாங்கும் செல் வடிவமைப்பும் உலையில் நடுநடுவே சிலிக்கான் சேர்க்கும் முறையும் வந்த பிறகுதான் அது சாத்தியமானது. 2020 வாக்கில் பெரிய ஆலைகள் காலியத்துக்கு மாறின. இப்போது புதிய பேனல்கள் பலவற்றில் வேஃபரே பாஸ்பரஸ் போட்ட என்-டைப்.

கூரைச் சூரியன் · ஜூலை 10, இரவு 9.10

என் பேனல் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரேடியோ பட்டறை · ஜூலை 10, இரவு 9.25

பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் வாட், வோல்ட், ஆம்பியர் இருக்கும். என்ன மாசு என்று நான் பார்த்த எதிலும் இல்லை. மாடல் எண்ணைக் கொடுத்து விற்றவரிடம் கேளுங்கள். கண்ணாடியைத் திறந்து சூடான முனை வைக்கக் கிளம்பிவிடாதீர்கள், வெயிலில் வரிசையாக இணைத்த பேனலில் இருப்பது ஆளைக் கொல்லும் மின்னழுத்தம்.

ஓம் விதி · ஜூலை 12, காலை 11.00

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். ‘சாதாரண அளவில்’ இடைவெளி மாறாது என்று எழுதினீர்கள். அப்படியானால் அதிக அளவில்?

உலைக்காரர் · ஜூலை 12, இரவு 10.30

கவனித்துவிட்டீர்கள். அந்த 24 ஆங்ஸ்ட்ராம் சுற்றுப்பாதையை நினையுங்கள். பாஸ்பரஸை அதிகமாக்கிக்கொண்டே போனால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுப்பாதைகள் உரசத் தொடங்கும். கன சென்டிமீட்டருக்கு சுமார் 3.5 × 10¹⁸-இல், அதாவது ஏறத்தாழ 14,000 சிலிக்கானுக்கு ஒரு பாஸ்பரஸ் என்ற அளவில், தனித்தனி மட்டங்கள் சேர்ந்து தாங்களே ஒரு பட்டையாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு மிகக் குளிரிலும் எலக்ட்ரான் பாஸ்பரஸிடம் திரும்புவதில்லை. சிலிக்கான் உலோகம் போல நடக்கிறது. அந்த நிலையில் இடைவெளியும் உண்மையாகவே சுருங்குகிறது. சோலார் செல்லின் முன்படலம் இந்த எல்லைக்கு மேலே இருப்பதால் அங்கே இது முக்கியம்.

எவ்வளவு சுருங்குகிறது என்பதில்தான் சிக்கல். ஒளியை விழுங்குவதை வைத்து அளந்தால் ஓர் எண், டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் வேறு எண். இரண்டும் ஒரே இடைவெளியைத்தான் அளக்கின்றனவா என்பதே கேள்வி. அதனால் மாணவி கேட்ட சூத்திரம் என்று ஒன்றை எழுதித் தர எனக்குத் தயக்கம். பல சூத்திரங்கள் உண்டு, ஒவ்வொன்றும் எந்த அளவீட்டுக்குப் பொருத்தி எழுதியது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஓம் விதி · ஜூலை 12, இரவு 10.52

ஆக டியூஷனில் சொன்னதும் முழுத் தவறல்ல.

உலைக்காரர் · ஜூலை 12, இரவு 11.05

அதை ஏற்க மாட்டேன். அவர்கள் சொன்னது ‘இடைவெளி குறைவதால் கடத்துகிறது’ என்று. 10¹⁶-இல் இடைவெளி குறையாமலே பத்து லட்சம் மடங்கு எலக்ட்ரான் வந்துவிட்டது. 10¹⁹-இல் குறைகிறது, ஆனால் கடத்துவதற்குக் காரணம் அது அல்ல.

நெல்லை மாணவி · ஜூலை 13, காலை 6.40

தேர்வில் ‘கடத்துப் பட்டைக்குச் சற்றுக் கீழே கொடை மட்டம் உருவாகிறது’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா சார்? 77 கெல்வின் கணக்கைப் போரானுக்கும் போட்டுப் பார்க்கிறேன். துளைக்கு இடங்களின் எண்ணிக்கை வேறு எண்ணா?

உலைக்காரர் · ஜூலை 13, காலை 7.15

கிடைக்கும், அதுதான் சரியான விடையும். துளைக்கு வேறு எண்தான். அதோடு, இணைதிறன் பட்டையின் உச்சியில் இரண்டு பட்டைகள் தொட்டுக்கொள்வதால், எலக்ட்ரான் கணக்கில் பட்டையின் இடங்களை இரண்டால் வகுக்கும் இடத்தில் துளைக்கு நான்கால் வகுக்க வேண்டும். போட்டுவிட்டு விடையை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.